நாற்பத்தொரு கவனக்குறைவுகள்

எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சருக்கு முகத்துக்கு நேரே 'டீச்சர்', முதுகுக்குப் பின்னால் 'விசில்'. பிள்ளைகள் வைத்த பெயர். ஒரு பிள்ளை கொஞ்சம் வேகமாக ஓடினால் போதும், விசில் அலறும். கயிறு தாண்டினால் விசில். பந்து மதில் பக்கம் உருண்டால் விசில். விளையாட்டு வகுப்பில் விளையாடவே விடாத ஒரே விளையாட்டு டீச்சர் இவர்தான் என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நான் அந்தப் பள்ளியின் எழுத்தர். இருபத்தெட்டு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி, மூன்றாவது கணினி.

அவர் பயந்த சுபாவம். அதை மறைக்கத் தெரியாதவர், மறைக்க வேண்டும் என்று நினைக்காதவரும்கூட. போன் மணி அடித்தால் திடுக்கிடுவார். அலுவலகத்துக்குள் வரும்போது கதவுக்கு வெளியிலேயே நின்று, "சார், வரலாமா சார்?" என்று மூன்று முறை கேட்பார். நான் என்ன புலியா என்று தோன்றும். அவருடைய கணவர் கடைத்தெரு முனையில் சலூன் வைத்திருக்கிறார். வாய் ஓயாத மனிதர். மாதம் ஒருமுறை அவரிடம்தான் நான் தலையைக் கொடுப்பேன்.

"சார், எங்க வீட்டம்மா காலேஜ்ல நானூறு மீட்டர்ல மெடல் வாங்கினவ, தெரியுமா? எப்படி ஓடினேன்னு கேட்டா, பின்னால யாரோ வர்றாங்கன்னு பயந்து ஓடினேன்றா" என்று கத்தரிக்கோலைக் காற்றில் வெட்டிக்கொண்டே சொல்வார். "கேஸ் அடுப்ப அணைச்சிட்டு ரெண்டு தடவ போய்ப் பார்ப்பா. மூணாவது தடவ என்னப் போய்ப் பார்க்கச் சொல்வா."

ஆறு வருடமாக டீச்சர் தற்காலிகப் பணியில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் அடுத்த வருடத்துக்கு வேலை. அந்தத் தாள் என் மேசையிலிருந்துதான் போகும். போகும் வாரத்தில் டீச்சர் சரியாகச் சாப்பிட மாட்டார். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், படுக்கையில் மாமியார், சலூனில் எதிர்க்கடையோடு போட்டி. அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராட்சிப் பள்ளி, நகராட்சி மைதானம். தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, தெரு முழங்கால் உயரம் ஏறிவிட்டது. மைதானம் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் மதிலின் கீழே இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே வரும். வந்த தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ புண்ணியவான் ஒப்பந்ததாரர் பள்ளத்தை மேடாக்குகிறேன் என்று இடித்த கட்டடத்தின் கான்கிரீட் துண்டு, செங்கல், கம்பி எல்லாவற்றையும் கொட்டி, மேலே நாலு விரல் மண்ணைத் தூவிவிட்டுப் போனார். முதல் மழையிலேயே மண் கரைந்தது. கல் எழுந்து உட்கார்ந்தது. தண்ணீர் தேங்கினால் கல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. வற்றினால் சேறு காய்ந்து கல்லை மூடிக்கொள்ளும். இரண்டு விதத்திலும் அது பிள்ளைகளுக்கு வைத்த பொறி.

அன்று காலை மழை விட்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை டீச்சர் வராந்தாவிலேயே உட்கார வைத்திருந்தார். அடுத்த அறையில் பாடம் நடத்தியவர் சத்தம் தாங்கவில்லை என்று கத்த, பயந்துபோய் அவர்களை மைதானத்தின் ஓரமாக, தண்ணீர் இல்லாத பக்கம் வரிசையாக நடக்கச் சொன்னார். நடக்கத்தான் சொன்னார். அதில் ஒருத்தி, 'தவளை' என்று கூப்பிடுவார்கள், தாவாமல் அவளால் நடக்க முடியாது. ஒரு குட்டையைத் தாண்டினாள். தாண்டிவிட்டாள். ஆனால் இறங்கிய இடம் வெறும் சேறு இல்லை.

அலறல் கேட்டு நான் அலுவலகத்திலிருந்து ஓடினேன். பிள்ளை உட்கார்ந்திருந்தது. சேற்றுத் தண்ணீரில் சிவப்பு கலங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் தன் துப்பட்டாவை அவள் முழங்காலில் அழுத்திப் பிடித்திருந்தார். விசில் ஊதவில்லை, கத்தவில்லை. "ஒண்ணுமில்லடா கண்ணு, என்னப் பாரு, கீழ பாக்காத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குப் போகும்வரை அழுத்திய கை விலகவில்லை. உள்ளே பிள்ளையைக் கொண்டுபோன பிறகுதான் கையை எடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி மடியில் கொட்டியது.

முழங்கால் சில்லில் விரிசல். ஒன்பது தையல். அழுக்குத் தண்ணீர் உள்ளே போயிருப்பதால் சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும், ஆறு வாரம் காலை மடக்கக்கூடாது என்றார் டாக்டர். பிள்ளையின் அம்மா தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்திருந்தார். கத்துவார், அடிப்பார் என்று நானும் டீச்சரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அவர் கத்தவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது யார் தப்புங்க?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். 

இரண்டு நாளில் பெற்றோர் சங்கத் தலைவர் வந்தார். எலக்ட்ரீஷியன். பேச்சும் மின்சாரம் போலத்தான், தொட்டால் அடிக்கும். "புகார் கொடுத்தே ஆகணும். நகராட்சி ஆணையருக்குக் கடிதம். பெத்தவங்க அத்தன பேரும் கையெழுத்துப் போடுறோம். ஆனா எழுத்து உங்ககிட்டதான் இருக்கு, டீச்சர். மைதானத்தப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலைமையாசிரியையின் அறையைப் பார்த்தேன். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். "பெற்றோர் பேர்ல போகட்டும். நான் ஒரு முகப்புக் கடிதம் வெச்சு அனுப்புறேன். பணிவா எழுதுங்க" என்றார்.

டீச்சர் எழுதிய பணிவைப் பார்க்க வேண்டுமே. முதல் தாளில் நகராட்சியிடம் மன்னிப்பே கேட்டிருந்தார். 'மழை பெய்வதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பதை அறிவோம்' என்று ஒரு வரி. நான் அடித்தேன். இரண்டாவதில் 'சிறு கற்கள்' என்று இருந்தது. "எது சின்னக் கல்லு? அம்மிக்கல் சைஸ்ல இருக்கு" என்றேன். "பெருசுன்னு எழுதினா கோவப்படுவாங்களோ சார்?" என்றார். இப்படி ஏழு தடவை. கடைசியில் கடிதம் ஒழுங்காக வந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் தேங்குகிறது, கீழே என்ன கொட்டப்பட்டிருக்கிறது, என்ன செய்ய வேண்டும்: இடிபாடுகளை அள்ளி நல்ல மண் போட்டு உருளை ஓட்ட வேண்டும், மதில் ஓட்டையை அடைக்க வேண்டும், தண்ணீர் வெளியேற ஒரு வடிகால் வேண்டும். அதுவரை மைதானத்துக்குத் தடுப்பு வைக்க வேண்டும்.

படித்துப் பார்த்தேன். ஏதோ குறைகிறது என்று என் அனுபவம் சொன்னது. எண் இல்லாத மனுவை யாரும் மதிப்பதில்லை. அலமாரியிலிருந்து விபத்துப் பதிவேட்டை எடுத்து, பக்கங்களைச் சர்ரென்று புரட்டி, வரிசை எண்ணை மட்டும் பார்த்து, 'கடந்த இரண்டு ஆண்டுகளில் நாற்பத்தொரு மாணவ மாணவியர் இம்மைதானத்தில் காயமடைந்துள்ளனர் என்பது பள்ளிப் பதிவேட்டின் மூலம் தெரியவருகிறது' என்று கம்பீரமாக ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியில் எனக்கு அப்படி ஒரு பெருமை. முட்டாள்தனத்துக்கு என்றுமே பெருமை அதிகம்.

நகராட்சி அலுவலகத்துக்கு எலக்ட்ரீஷியனும் தையல்காரி அம்மாவும் நானும் போனோம். தபால் பிரிவில் அசல் கடிதத்தை வாங்கிக்கொண்டு, எங்கள் நகலில் முத்திரை குத்தி எண்ணும் தேதியும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் வாரம் இரண்டு முறை போனார். கடிதம் ஆணையர் மேசையிலிருந்து பொறியியல் பிரிவுக்குப் போய்விட்டது என்றார்கள். பொறியியல் பிரிவில், உதவிப் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். நான்காவது வாரம் பள்ளிக்கு ஒரு தாள் வந்தது. வியாழக்கிழமை கள ஆய்வு. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். 'மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள பதிவேட்டினை ஆய்வின்போது முன்வைக்கவும்.'

பதிவேட்டை எடுத்தேன். இந்த முறை வரிசை எண்ணை மட்டும் பார்க்கவில்லை.

அதில் 'விபத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நாற்பத்தொரு வரியிலும் டீச்சருடைய உருண்டையான கையெழுத்தில் ஒரே வாசகம்: மாணவரின் கவனக்குறைவு. மாணவியின் கவனக்குறைவு. மாணவரின் கவனக்குறைவு. தவளைக்கும் அதேதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தலைமையாசிரியையின் சிறிய கையொப்பம்.

ஏன் அப்படி எழுதினார் என்று நான் யோசிக்கவே தேவையில்லை. எழுதச் சொன்னவனே நான்தான். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு பையன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். 'காரணம்' கட்டத்தில் என்ன எழுத என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார். மைதானம், கட்டடம் என்று ஏதாவது எழுதினால், மூன்று நாளைக்குள் கல்வி அலுவலகத்துக்குத் தனி அறிக்கை போக வேண்டும். வரைபடம், சாட்சி வாக்குமூலம், தலைமையாசிரியை விளக்கம், எல்லாம் நான்கு பிரதிகள். டைப் அடிப்பது யார்? நான். "கவனக்குறைவுன்னு போட்டுடுங்க டீச்சர். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் வேலை மிச்சம்" என்றேன். இருபத்தெட்டு வருடமாக எல்லா விளையாட்டு ஆசிரியருக்கும் நான் சொன்னது அது. யாருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை.

பதிவேட்டை டீச்சரிடம் காட்டினேன். பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "சார், இப்ப என்ன சார் ஆகும்?" என்றார்.

தலைமையாசிரியைக்கு வியர்த்துவிட்டது. "வேற பதிவேடு ஒண்ணு எழுதிடலாமா?" என்று முதலில் கேட்டதே அவர்தான். முடியாது. முதல் பக்கத்தில் இத்தனை பக்கங்கள் கொண்டது என்று கல்வி அலுவலகம் சான்று எழுதி முத்திரை வைத்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் எண். ஒரு தாளைக் கிழிக்க முடியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அவர் சொன்னார்: "பதிவேட்டக் கொடுப்போம். அவர் என்ன எழுதுறாரோ எழுதட்டும். நாம எதுவும் பேச வேண்டாம். பேசினா, பொய்யான பதிவு எழுதினதா ஆயிடும். உங்க நீட்டிப்புத் தாள் இன்னும் என் மேசையிலதான் இருக்கு டீச்சர். நான் மிரட்டலம்மா. எனக்கே பயமா இருக்கு."

மிரட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் டீச்சர் அறையை விட்டு வெளியே வந்து, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. முடி வெட்டும் நாள் வராமலேயே நான் சலூன் பக்கம் போனேன். வாய் ஓயாத மனிதர் என்னைக் கண்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சாப்பிட மாட்டேன்றா சார். நோட்டுல ஏதோ எழுதிட்டே இருக்கா. பேர் பேரா எழுதறா. என்னன்னு கேட்டா, 'ஒண்ணு மறந்துட்டேன், இருபத்தி மூணாவது எங்கன்னு ஞாபகம் வரல'ன்றா. என்ன சார் நடக்குது பள்ளிக்கூடத்துல?" வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம். இரண்டு பெண்கள், சின்னவளுக்குப் படிப்பே முடியவில்லை. யார் எழுதச் சொன்னது என்று கேள்வி வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வெயில். பத்து நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. மைதானம் பாய் விரித்த மாதிரி வழுவழுவென்று காய்ந்து கிடந்தது. பாவி மைதானம், நாங்கள் புகார் கொடுத்த நேரத்தில் நல்ல பிள்ளை வேஷம் போட்டது.

உதவிப் பொறியாளர் இளைஞர். கூடவே பணி மேற்பார்வையாளர் ஒருவர், கையில் அளவுநாடா. எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். தையல்காரி அம்மாவும் வந்திருந்தார். தவளை வராந்தாவில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொறியாளர் மைதானத்தில் இருபதடி நடந்தார், காலால் தட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார்.

"தண்ணியே இல்லையே."

"மழை பெய்யட்டும், நீங்க வாங்க, படகு நான் தர்றேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

பொறியாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "எனக்கும் புரியுதுங்க. ஆனா நான் எஸ்டிமேட் போட்டா, இது அவசரம்னு என்ன ஆதாரம்னு மேல கேப்பாங்க. இதே மாதிரி முப்பது மனு வெச்சிருக்கேன். பதிவேடு எங்க?"

நான் கொடுத்தேன். வராந்தா மேசையில் வைத்து அவர் வாசிக்க ஆரம்பித்தார். சத்தமாக வாசித்தார். "மாணவரின் கவனக்குறைவு. மாணவரின் கவனக்குறைவு. மாணவியின் கவனக்குறைவு..." பக்கம் புரட்டினார். "கவனக்குறைவு. கவனக்குறைவு." எலக்ட்ரீஷியனின் முகம் இருண்டது. தையல்காரி அம்மா மெல்லத் திரும்பி டீச்சரைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த தன் மகளைப் பார்த்தார்.

"உங்க பள்ளிக்கூடமே எழுதிக் கொடுத்திருக்கு, பசங்கதான் கவனமில்லாம விழுந்தாங்கன்னு. நான் என்ன பண்ண?" என்று பொறியாளர் பேனாவை எடுத்தார். "மாணவர்களுக்கு உரிய அறிவுரை வழங்குமாறு கேட்டுக்கொண்டு மனுவ முடிச்சிடறேன்."

"சார்."

அது டீச்சர் குரல் என்று எனக்கே உறைக்கவில்லை. அவ்வளவு மெலிதாக இருந்தது.

"அது பொய் சார். நான்தான் எழுதினேன். பசங்க மேல தப்பில்ல சார்."

தலைமையாசிரியை கண்களை மூடிக்கொண்டார். 

"பொய்னா?" என்றார் பொறியாளர்.

  டீச்சர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. விறுவிறுவென்று விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனார். ஓட்டப் பாதைக்குக் கோடு போடும் சுண்ணாம்புப் பொடி வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். மதில் பக்கம் போய் ஒரு இடத்தில் நின்று, ஒரு பிடி அள்ளி வட்டமாகப் போட்டார்.

"முதல் பதிவு சார். நாலாம் வகுப்பு. முட்டி."

நாலடி தள்ளி இன்னொன்று. "ரெண்டாவது. ஆறாம் வகுப்பு. நெத்தி. மூணு தையல்." இன்னொன்று. "அஞ்சாம் வகுப்பு, உள்ளங்கைல கம்பி." பதிவேடு மேசையில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேற்பார்வையாளர் பதிவேட்டில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூட மாறவில்லை. இருபத்து மூன்றாவது வந்தபோது மட்டும் ஒரு கணம் நின்று, கண்ணைச் சுருக்கி, பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து போட்டார். ஒவ்வொரு பிள்ளை விழுந்த பிறகும் தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கப் பார்த்திருக்கிறார். பெயரவில்லை. எல்லாம் அவர் தலைக்குள் பத்திரமாக இருந்தது. பயந்தவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று அன்றுதான் கண்டேன்.

கடைசியாகத் தவளை விழுந்த இடம். அங்கே வாளியை வைத்துவிட்டு, குனிந்து, கையாலேயே காய்ந்த சேற்றுப் பாளத்தைப் பெயர்த்தார். அடியில் கான்கிரீட் துண்டு. விளிம்பு கத்தி மாதிரி.

பொறியாளர் வராந்தா படியில் ஏறி நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளை வட்டங்கள் மைதானம் முழுக்கச் சிதறியிருக்கவில்லை. மதில் ஓட்டையில் ஆரம்பித்து, வளைந்து, நடுப்பள்ளம் வரை ஒரே பட்டையாகப் போயின. அதற்கு வெளியே ஏழெட்டுதான்.

"இது தண்ணி வர்ற தடம்" என்றார் பொறியாளர். குரல் மாறியிருந்தது. "மண்ண அரிச்சு இடிபாட்டக் காட்டிட்டு இருக்கு. கவனமில்லாத பசங்க இப்படி வரிசையா விழ மாட்டாங்க." மேற்பார்வையாளரிடம், "மட்டம் பார்க்கிற கருவி வண்டில இருக்கா? எடுத்துட்டு வாங்க" என்றார். மதியம் வரை தெருவுக்கும் மைதானத்துக்கும் மட்டம் எடுத்தார்கள். நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன் ஓடி ஓடி நாடா பிடித்தார்.

கிளம்பும்போது பொறியாளர் டீச்சரிடம் வந்தார். "டீச்சர், எஸ்டிமேட்டோட பதிவேட்டு நகல வெச்சே ஆகணும். அதுல கவனக்குறைவுன்னு இருக்கிற வரைக்கும் என் அறிக்கை நிக்காது. காரணம் தப்பா எழுதப்பட்டதுன்னு நீங்க எழுத்துல கொடுக்கணும். இதனால உங்களுக்குத் தொந்தரவு வரும், அதையும் சொல்லிடறேன். யோசிச்சுக்கோங்க."

அவர் யோசிக்கவில்லை. என் மேசையில் உட்கார்ந்து, கையாலேயே எழுதினார். எழுத்தெல்லாம் கோணல். பொறியாளர் படித்துவிட்டுக் கேட்டார்: "இப்படி எழுதச் சொன்னது யாரு?"

நான் டீச்சருக்கு மூன்றடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல சார். எனக்கே தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பயந்தேன். நின்றேன். அவ்வளவுதான்.

வாக்குமூலத்தின் பிரதி பள்ளிக் கோப்புக்கு வந்தால் தலைமையாசிரியை அதைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். அனுப்பினார். நீட்டிப்புத் தாள் அப்படியே நின்றது. மூன்று வாரத்தில் டீச்சருக்கு விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது. அரசுப் பதிவேட்டில் பொய்யான விவரம் எழுதியது ஏன், யாருடைய அறிவுறுத்தலின் பேரில் எழுதினார், ஏழு நாளைக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அதைப் படித்த அன்று அவர் பள்ளியிலிருந்து பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே போனார்.

ஆறாவது நாள் பதிலை எழுதிக்கொண்டு வந்தார். வழக்கம்போலக் கதவுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்க டீச்சர்."

"டைப் பண்ணிக் கொடுங்க சார். என் எழுத்து கிறுக்கலா இருக்கு."

படித்தேன். 'எவருடைய அறிவுறுத்தலும் இன்றி, என் அறியாமையால் செய்த பிழை.' வெளியே மைதானத்தில் எந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. நகராட்சி மன்றக் கூட்டத்தில் முழு வேலைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை, அது அடுத்த கூட்டத்துக்குத்தான். ஆனால் ஆபத்தான பட்டையை உடனே சுத்தம் செய்ய வேண்டும் என்று பொறியாளர் எழுதியதால், இடிபாட்டை அள்ளும் வேலை மட்டும் அவசரமாக ஆரம்பித்திருந்தது. மூன்றாவது லாரி போய்க்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகளின் முட்டிகளைக் கிழித்ததெல்லாம் அதில் போகிறது என்று நினைத்தேன்.

"ஏன் டீச்சர் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

 "உங்களுக்கும் என்ன மாதிரியே பயம்னு தெரியும் சார்" என்றார். குத்திக் காட்டவில்லை. அனுதாபத்தோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் அந்தப் பதிலை அப்படியே டைப் அடித்துக் கொடுத்திருப்பேன்.

டைப் அடித்தேன். கேள்வி இரண்டுக்கான பதிலில் என் விரல் நின்றது. அவர் எழுதியிருந்ததை விட்டுவிட்டு வேறொன்றை அடித்தேன். 'இப்பள்ளியின் எழுத்தர் எனக்குக் கூறிய வழிமுறையின்படி எழுதினேன். அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாக இப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அனைவருக்கும் இதையே கூறிவந்துள்ளார்.' அதன் கீழே, 'மேற்கண்டது உண்மை' என்று ஒரு வரியும் என் பதவியும் அடித்து, அச்செடுத்து, முதலில் நான் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் படித்தார். கண் கலங்கியது. "மாத்துங்க சார். வேணாம் சார். உங்க பொண்ணுங்க சார்..." தாளை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் ஒரு தாளை மேசையில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார். அவசரமாக, கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போடக் கையை நீட்டுவது போல. நான் அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு, உறையை ஒட்டி, அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டேன். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் நானே அதை எடுத்துக் கிழித்திருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

தவளைக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். மெல்ல நடக்கிறாள். கல்லெல்லாம் போய், மைதானம் இப்போது வெறும் பள்ளமாகக் கிடக்கிறது. சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். மண் எப்போது வரும் என்று எலக்ட்ரீஷியன் வாரம் இரண்டு முறை நகராட்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தையல்காரி அம்மா ஒருநாள் பள்ளி வாசலில் டீச்சரைப் பார்த்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். டீச்சருக்கு நீட்டிப்பு வரவில்லை, வேலையை விட்டு நீக்கவும் இல்லை. எனக்கும் எதுவும் வரவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து இன்றுவரை பதில் கிடையாது.

காலை பதினோரு மணிக்குத் தபால்காரர் வருவார். அந்த நேரத்தில் டீச்சர் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிடுகிறார். இப்போதெல்லாம் கதவுக்கு வெளியே நிற்பதில்லை. என் எதிரில் நாற்காலியில் உட்காருகிறார். நான் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். எங்கள் உறை இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேரும் மூச்சு விடுகிறோம்.

"நாளைக்கு வருமோ சார்?" என்கிறார்.

"வந்தா வரட்டும் டீச்சர்" என்கிறேன். சொல்லிக்கொண்டே உறைகளை இரண்டாவது தடவை எண்ணிப் பார்க்கிறேன்.